ஹட்ஷெப்சூட்டின் 323 டன் ஒபெலிஸ்க்: ஏழே மாதத்தில் வெட்டியது உண்மையா? ஆற்றில் ஏற்றி, நிமிர்த்தியது எப்படி?

மணல்மேடு எழுதியது:

போன ஜனவரியில் எகிப்து போய் வந்தேன். கர்னாக் கோயிலில் ராணி ஹட்ஷெப்சூட் நிறுத்திய ஒபெலிஸ்க் என்ற கூர்முனைக் கல்தூணின் முன்னால் அரை மணி நேரம் நின்றிருப்பேன். ஏறத்தாழ 29.6 மீட்டர் உயரம், 323 டன், ஒரே சிவப்பு கிரானைட் கல். இணைப்பு எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட 3,500 வருடங்களாக நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அதன் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டைப் பற்றி வழிகாட்டி சொன்னார். ராணியின் 15ஆம் ஆட்சியாண்டில் மலையில் வேலை தொடங்கி 16ஆம் ஆண்டில் முடிந்தது, வெட்ட ஆனது ஏழு மாதம் என்று அதில் எழுதியிருக்கிறதாம். இரும்புக் கருவி இல்லாத காலம். எனக்கு மூன்று கேள்விகள்.

15இல் தொடங்கி 16இல் முடிந்தால் அது எப்படி ஏழு மாதம்? ஒன்றரை வருடம் போலல்லவா தெரிகிறது? இரண்டாவது, ஏழு மாதத்தில் இப்படி ஒரு கல்லை மலையிலிருந்து பிரிக்க முடியுமா? மூன்றாவது, கல் வெட்டிய அஸ்வானிலிருந்து கர்னாக் வரை 200 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் கொண்டுவந்து எப்படி நிமிர்த்தினார்கள்? வழிகாட்டி "சாய்தளம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அது போதவில்லை.

ஆப்புவழி எழுதியது:

இது ரொம்ப எளிது. கல்லில் வரிசையாகக் குழி வெட்டி, அதில் காய்ந்த மர ஆப்பை அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றினால் மரம் ஊதி, கல் நேர்கோட்டில் பிளந்துவிடும். பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். அஸ்வான் குவாரியில் அந்த ஆப்புக்குழிகள் வரிசையாக இன்றும் இருக்கின்றன, படம் பார்த்திருக்கிறேன். ஏழு மாதம் தாராளம்.

நாணல் எழுதியது:

ஆப்புவழி, நீங்கள் பார்த்த குழிகள் உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஹட்ஷெப்சூட்டுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிந்தியவை. இரும்பு வந்த பிறகு, கிரேக்க, ரோமானிய ஆட்சிகளில் வெட்டியவை. ஒரே குவாரியை இரண்டாயிரம் வருடம் பயன்படுத்தினால் எல்லாக் காலத்துத் தடமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

ராணியின் காலத்து முறை தெரிய வேண்டுமென்றால் அதே குவாரியில் கிடக்கும் முடியாத ஒபெலிஸ்கைப் பார்க்க வேண்டும். நீளம் 41.75 மீட்டர். முடிந்திருந்தால் 1,168 டன் இருந்திருக்கும் என்று 1922இல் அதை முழுவதுமாகத் தோண்டி வெளிக்கொண்டுவந்த ரெஜினால்ட் எங்கெல்பாக் கணக்கிட்டார். விரிசல் கண்டதால் பாதியில் விட்டுவிட்டார்கள். அந்தத் தோல்வி நமக்கு லாபம், ஏனென்றால் வேலை நடந்த நிலையிலேயே எல்லாம் நின்றுபோயிருக்கிறது.

அதைச் சுற்றி ஓர் ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் அகலத்துக்கு, முக்கால் மீட்டர் அளவில், அகழி ஓடுகிறது. அகழியின் சுவரில் உளித்தடம் ஒன்றுகூட இல்லை. ஆப்புக்குழியும் இல்லை. கரண்டியால் ஐஸ்கிரீம் வழித்த மாதிரி வழவழப்பான குழிவுகள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. மூலைகள் எல்லாம் உருண்டை. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் கிடந்தவை டோலரைட் என்ற கரும்பச்சைக் கல் உருண்டைகள், சராசரியாக 5 கிலோ எடை. அந்த உருண்டையால் கிரானைட்டை இடித்து இடித்துத் தூளாக்கியே இறங்கியிருக்கிறார்கள்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் நேரானது. வேலை தொடங்கியது அவர்களின் ஆண்டில் ஆறாவது மாதத்தின் முதல் நாள். முடிந்தது பன்னிரண்டாவது மாதத்தின் கடைசி நாள். இரண்டு முனையையும் சேர்த்து எண்ணினால் சரியாக ஏழு மாதம். ஆட்சியாண்டு புத்தாண்டில் மாறாது, அரியணை ஏறிய நாளில் மாறும். அந்த நாள் நடுவில் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

சம்மட்டி எழுதியது:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல் வேலை. கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரியில் அப்பா இருந்தார், நானும் பத்து வருடம் இருந்தேன். இடித்து இறங்குவது என்று நாணல் எழுதியதைப் படித்ததும் எனக்கு உடனே ஒப்புக்கொள்ளத் தோன்றியது. காரணம் சொல்கிறேன்.

கிரானைட் ஒரே பொருள் இல்லை. மூன்று நாலு வகைப் படிகம் கோத்துக் கிடக்கும். செம்பு உளியை வைத்து அடித்தால் உளியின் வாய்தான் மடங்கும். ஆனால் கனமான கல்லால் செங்குத்தாகப் போட்டால் மேலே உள்ள படிகங்கள் நசுங்கி வெள்ளையாகும். அந்த வெள்ளையை நாங்கள் 'அடிபட்ட கல்' என்போம். அதற்குப் பிறகு அது ஒட்டிக்கொண்டு நிற்காது, தூளாக வந்துவிடும். கோயில் அம்மி, ஆட்டுக்கல்லில் குழி இறக்கும்போது இது தினமும் பார்க்கிற காரியம். உளி உடைக்க முடியாததை உளியின் பின்பக்க மொட்டை நசுக்கிவிடும்.

ஒரு விஷயம். தூளை உடனுக்குடன் அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் அது மெத்தை மாதிரி அடியை வாங்கிக்கொள்ளும், பத்து அடி போட்டாலும் ஒன்றும் நடக்காது. அதனால் ஓர் ஆள் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டிருக்க மாட்டான். கொஞ்சம் இடிப்பான், தள்ளி உட்காருவான், தூளை ஒதுக்குவான், மறுபடி இடிப்பான்.

விரிசல் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய கல் எடுக்கும் முன்னால் அப்பா கல்லின் மேல் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்து, துணியால் துடைத்துவிட்டு பீடி பற்றவைத்து உட்கார்ந்துவிடுவார். கல் முழுக்கக் காய்ந்த பிறகும் மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு ஈரமாகவே நின்றால், அந்தக் கல்லைத் தொட மாட்டார். விரிசல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது.

நாணல் எழுதியது:

சம்மட்டி ஐயா, நீங்கள் சொன்ன தள்ளி உட்காரும் முறை அகழியின் தரையிலேயே பதிந்திருக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் சுமார் 60 செ.மீ. நீளப் பங்கு. பங்குகளைப் பிரிக்கச் சிவப்புக் காவிக் கோடு இழுத்திருக்கிறார்கள். மேற்பார்வையாளர் அவ்வப்போது முழக்கோலை அகழித் தரையில் நட்டு, கோலின் உச்சி எட்டும் இடத்தில் சுவரில் காவியால் குறியிட்டிருக்கிறார். யார் பின்தங்கியிருக்கிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்தக் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இன்றும் சுவரில் இருக்கின்றன.

விரிசலையும் அவர்கள் தேடியிருக்கிறார்கள். கல்லின் தரம் பார்க்க ஆங்காங்கே சோதனைக் குழி இறக்கியது தெரிகிறது. மேலே உள்ள சிதைந்த அடுக்கை நெருப்பு மூட்டிச் சூடாக்கி உரித்திருக்கிறார்கள். விரிசல் கண்ட பிறகும் உடனே கைவிடவில்லை. அதே கல்லுக்குள் விரிசலைத் தவிர்த்துச் சின்ன ஒபெலிஸ்க் ஒன்று எடுக்க முடியுமா என்று மறுபடி கோடு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோடும் அழியவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும். எத்தனை மாத உழைப்பு!

கட்டுமானம் எழுதியது:

ஓய்வுபெற்ற சிவில் எஞ்சினியர் நான். இரண்டாவது கேள்விக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

எங்கெல்பாக் தானே உட்கார்ந்து இடித்துப் பார்த்தார். ஓர் ஆள் பங்கின் கால்வாசிப் பரப்பில் ஒரு மணி நேரம் இடித்ததில் சுமார் 5 மி.மீ. இறங்கியது. அவர் அலுவலகத்து மனிதர். பழகிய கை 8 மி.மீ. இறக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் முழுப் பங்குக்கும் மணிக்கு 2 மி.மீ. நாளைக்கு 12 மணி நேரம் ஆள் மாற்றி வேலை நடந்தால் நாளுக்கு 24 மி.மீ.

ஹட்ஷெப்சூட்டின் தூண் அடியில் ஏறக்குறைய 2.4 மீட்டர் அகலம். அடியில் குடைய இடம் வேண்டும், எனவே அகழி 3 மீட்டர் ஆழம் போக வேண்டும். 3,000ஐ 24ஆல் வகுத்தால் 125 நாள், அதாவது நாலு மாதம் சொச்சம். மிச்சம் மூன்று மாதத்தில் கல்லின் வயிற்றுக்கு அடியில் இரண்டு பக்கமிருந்தும் குடைந்து பிரிக்க வேண்டும். படுத்துக்கொண்டு பக்கவாட்டில் இடிக்கும் வேலை, கையை ஓங்கவே இடம் இருக்காது. அதுதான் மொத்த வேலையிலும் கொடுமையான பகுதியாக இருந்திருக்கும்.

அகழி முழுக்க 60 செ.மீ.க்கு ஓர் ஆள் என்றால் ஒரு தூணுக்கு ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் உட்கார முடியும். அதற்கு மேல் ஆள் போட்டாலும் பயனில்லை, உட்கார இடம் கிடையாது. ராணி எழுதிவைத்த ஏழு மாதம் நம்பத்தக்கதுதான். நெருக்கிச் செய்த வேலை, ஆனால் செய்யக்கூடிய வேலை.

ஆப்புவழி எழுதியது:

சரி, ஆப்பு விஷயத்தில் நான் காலத்தைக் கலந்துவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படகு விஷயத்தில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. 323 டன்னைப் படகு மேல் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு படகுக்கு நடுவில் தண்ணீருக்குள் தொங்கவிட்டுக் கொண்டுபோயிருக்கலாம். தண்ணீருக்குள் கல்லின் எடை குறையுமே, ஆர்க்கிமிடீஸ் விதி.

கட்டுமானம் எழுதியது:

எடை குறையும் என்பது சரி. கிரானைட் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம், ஆகவே மூழ்கிய கல்லில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான எடை கழிந்துவிடும். ஆனால் 2.4 மீட்டர் தடிமன் கல்லைப் படகுக்குக் கீழே தொங்கவிட்டால் நைலின் மணல்திட்டு ஒவ்வொன்றிலும் முட்டும். 200 கிலோமீட்டருக்கும் மேல் ஒரு திட்டுகூட இல்லாமல் இருக்காது.

தவிர, எடை உண்மையில் பிரச்சினையே இல்லை. ராணியின் தந்தை முதலாம் துத்மோஸின் தூண்களுக்காகக் கட்டிய படகின் அளவை இனேனி என்ற அதிகாரி தன் கல்லறையில் எழுதி வைத்திருக்கிறார். 120 முழம் நீளம், 40 முழம் அகலம். அவர்கள் முழத்தில் கணக்கிட்டால் 63 மீட்டருக்கு 21 மீட்டர். படகு முனைகளில் குறுகும் என்று கழித்துவிட்டாலும் தண்ணீரைத் தொடும் பரப்பு 800 சதுர மீட்டர் வரும். கர்னாக்கில் இன்று நிற்கும் துத்மோஸின் தூண் 143 டன். அப்படி இரண்டை ஏற்றினால் படகு கூடுதலாக இறங்குவது 36 செ.மீ. மட்டும். முழங்காலுக்குக்கூட வராது!

படகுக்குக் கஷ்டம் எங்கே என்றால், அந்த எடை நடுவில் ஒரே கோட்டில் உட்காருவதில். மரப்படகின் முதுகு வளைந்து முறியும். அதனால்தான் அத்தனை நீளம்.

நாணல் எழுதியது:

அந்தப் படகைக் கண்ணாலேயே பார்க்கலாம். தேர் எல்-பஹ்ரியில் ராணியின் கோயில் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே பெரிய படகில் இரண்டு ஒபெலிஸ்குகள். படகின் முன்முனையிலிருந்து பின்முனைக்கு மேலே கனமான கயிறுகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன, கட்டுமானம் ஐயா சொன்ன அதே முதுகு முறியாமல் இருக்கத்தான். முன்னால் இழுத்துப்போக மூன்று வரிசையில் 27 படகுகள். நைல் வடக்கே ஓடுகிறது, கர்னாக்கும் வடக்கேதான், எனவே ஆறே தள்ளிக்கொண்டு போய்விடும். இழுபடகுகளின் முக்கிய வேலை திசை தவறாமல் பிடித்துக்கொள்வதாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சிற்பத்தில் இரண்டு தூண்களும் அடியோடு அடி பொருந்த நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. அப்படியே எடுத்துக்கொண்டால் படகு நம்ப முடியாத நீளம் வரும். பக்கவாட்டில் இரண்டைக் காட்ட எகிப்தியச் சிற்பிக்கு வேறு வழியில்லை, உண்மையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள் என்று ஒரு கட்சி. இல்லை, சிற்பி கண்டதைத்தான் செதுக்கினார் என்று மறுகட்சி. நான் முதல் கட்சி. ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அது ராணி முன்பு நிறுத்திய வேறொரு ஜோடி என்பதையும் மறக்கக்கூடாது, மணல்மேடு பார்த்த தூண் அல்ல.

இன்னொன்றைச் சொல்ல ஆசையாக இருக்கிறது. வேலை பன்னிரண்டாம் மாதக் கடைசியில் முடிந்தது என்றேன் அல்லவா? அவர்களின் நாட்காட்டியில் லீப் வருடம் கிடையாது, அதனால் பருவத்திலிருந்து மெல்ல நகரும். அந்தக் காலத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த நாள் நம் ஆகஸ்ட் வாக்கில் வருகிறது. நைலில் வெள்ளம் ஏறும் நேரம்! ஜனவரியில் தொடங்கி, வெள்ளம் வந்து படகு கல்லுக்கு மிக அருகே வரும் நாளுக்குக் கல் தயாராக இருக்கும்படி திட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் தாமதமானால் அடுத்த வெள்ளம் வரை கல் கிடக்க வேண்டியதுதான்.

தேர்வடம் எழுதியது:

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் 80 டன் ஒரே கல்லை ஏற்றினார்களே, அதைப் பற்றி யாருமே பேசவில்லை. சாரப்பள்ளத்திலிருந்து சாய்தளம் போட்டு ஏற்றினார்கள் என்று சொல்வார்கள். அதே முறைதான் இதுவும்.

சம்மட்டி எழுதியது:

தேர்வடம் தம்பி, அந்த உச்சிக்கல் ஒரே கல் இல்லை, துண்டுகளாகச் செதுக்கிப் பொருத்தியது. அதுவும் பெரிய வேலைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கே கேள்வி வேறு. மேலே ஏற்றுவது ஒரு வேலை. படுத்திருக்கும் நீளக் கல்லை முறியாமல் நிமிர்த்துவது வேறு வேலை.

தேர்வடம் எழுதியது:

துண்டுகள் என்று தெரியாது, நன்றி அண்ணா. முறிவது என்றதும் எங்கள் ஊர் நினைவு வந்துவிட்டது. ஆறு வருடம் முன்னால் கோயிலுக்கு விளக்குத்தூண் நிறுத்தினோம். 5 மீட்டர் நீளம், மெலிந்த கல். லாரியிலிருந்து இறக்க கிரேன் வந்தது. ஓட்டியவர் இரண்டு முனையிலும் சங்கிலி போட்டுத் தூக்கினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட வரவில்லை. 'டப்' என்று ஒரே சத்தம், நடுவில் இரண்டாகப் போய்விட்டது. மேலே உள்ள பக்கம் சுத்தமாக இருந்தது. அடிப்பக்கத்திலிருந்து விரிசல் திறந்தது எனக்குக் கண்ணால் தெரிந்தது. கல் வாங்கிக் கொடுத்த பெரியவர் அழுதுவிட்டார். 5 மீட்டருக்கே இப்படி என்றால் 30 மீட்டர் கல் எப்படித் தாங்கியது?

கட்டுமானம் எழுதியது:

இந்த இழையின் மையமே இந்தக் கேள்விதான், தம்பி. கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இரண்டு முனையில் தூக்கினால் நடு தொங்கும், அடிப்பக்கம் இழுபடும். உங்கள் தூண் அடியிலிருந்து திறந்தது அதனால்தான்.

ஹட்ஷெப்சூட்டின் தூணை இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் நடுவில் வரும் இழுவிசை சதுர செ.மீ.க்கு சுமார் 80 கிலோ. நல்ல கிரானைட் வளைவில் முறிவது 100 முதல் 150 கிலோவுக்குள். ஆக விரிசல் இல்லாத கல் தாங்கும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் போயிற்று. சரியாக நடுவில் மட்டும் தாங்கி இரு முனையும் தொங்கினாலும் ஏறக்குறைய அதே விசைதான், இந்த முறை மேல்பக்கம் திறக்கும்.

அதே வடிவத்தில் கல்லை இரு மடங்கு பெரிதாக்கினால் இந்த விசையும் இரு மடங்காகும். அஸ்வானில் கிடக்கும் 41.75 மீட்டர் கல்லுக்குக் கணக்கிட்டால் 90ஐத் தாண்டுகிறது. விரிசலே வந்திருக்காவிட்டாலும், அதைச் சாய்தளத்தின் விளிம்பில் வைத்துக் கவிழ்க்க நான் துணிய மாட்டேன்.

நாணல் எழுதியது:

இதைப் படித்ததும் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிய ஒரு செய்தி வேறு மாதிரி தெரிகிறது. தாலமி மன்னர் ஒருவரின் ஒபெலிஸ்கைப் படகில் ஏற்றியதைச் சொல்கிறார். கல் கிடந்த இடத்துக்கு நைலிலிருந்து கால்வாய் வெட்டி, கல்லின் இரு முனையும் கால்வாயின் இரு கரையில் தங்கி நிற்கும்படி செய்தார்கள். இரண்டு அகலப் படகுகளில் கல்லின் எடையைப் போல இரு மடங்கு கிரானைட் துண்டுகளை நிரப்பினார்கள். படகுகள் ஆழமாக அமிழ்ந்து கல்லுக்கு அடியில் போயின. பிறகு துண்டுகளை இறக்க இறக்கப் படகு தானே மேலே வந்து கல்லைத் தூக்கிக்கொண்டது.

தூக்குவதற்கு ஒரு நெம்புகோல்கூட வேண்டாம். ஆனால் கல் இரு முனையில் தங்கியிருந்த அந்த நேரம்தான் ஆபத்து, நீங்கள் சொன்ன 80 கிலோ நேரம். இது ஹட்ஷெப்சூட்டுக்கு 1,200 வருடம் பிந்திய காலத்து முறை. அவர் காலத்தில் படகைக் கரையில் சேர்த்து, சுற்றிலும் மண் நிரப்பி, கல்லை மேலே இழுத்த பிறகு மண்ணை வெட்டிவிட்டிருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. எது என்று சொல்ல ஆதாரம் கையில் இல்லை.

மணல்மேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நிமிர்த்தியதைச் சொல்லுங்கள். நான் பார்த்த இடத்தில் தூண் நான்காம், ஐந்தாம் கோபுர வாசல்களுக்கு நடுவில் நெருக்கமாக நிற்கிறது. அங்கே இவ்வளவு பெரிய சாய்தளத்துக்கு இடம் எங்கே?

நாணல் எழுதியது:

நெருக்கம் என்பதால்தான் அந்த மண்டபத்தின் ஒரு பகுதியைப் பிரித்துவிட்டு நிறுத்தினார்கள்.

எங்கெல்பாக் சொன்ன முறையைத்தான் நான் நம்புகிறேன். பீடத்தைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பி, மேலே அகன்று கீழே குறுகும் குழி ஒன்று அமைக்க வேண்டும், புனல் மாதிரி. அதில் மணலை நிரப்ப வேண்டும். வெளியே நீண்ட சாய்தளம். அதில் தூணின் அடிப்பாகம் முன்னால் வரும்படி இழுத்துவந்து, அடிப்பாகத்தை மணலின் மேல் கொண்டுவர வேண்டும். பிறகு குழியின் கீழேயுள்ள சின்ன வழியாக மணலை அள்ளி எடுக்க எடுக்க, தூணின் அடி மெல்ல இறங்கும். உச்சி தானே உயரும். எந்த நிமிடமும் கல் அந்தரத்தில் இல்லை, முழு நீளத்துக்கும் மணல் தாங்கிக்கொண்டே இருக்கிறது. கட்டுமானம் ஐயாவின் 80 கிலோ வரவே வராது.

இதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. பிற்கால எழுத்தர் ஒருவர் மற்றொருவரைக் கிண்டலடித்து எழுதிய பாப்பிரஸ் கடிதம் இருக்கிறது. 730 முழ நீளச் சாய்தளத்துக்குச் செங்கல் எவ்வளவு சொல்லு பார்க்கலாம் என்கிறார். அப்புறம், மன்னரின் நினைவுக்கல்லின் கீழே மணல் நிரப்பிய அறையைக் காலி செய்ய எத்தனை ஆள் வேண்டும் என்றும் கேட்கிறார். மணலைக் காலி செய்வது என்பது அவர்களுக்குப் பழகிய கணக்காக இருந்திருக்கிறது.

கட்டுமானம் எழுதியது:

செய்தும் பார்த்துவிட்டார்கள். 1999இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குவாரி ஒன்றில் 25 டன் கல்லை இந்த மணல் முறையில் நிமிர்த்தினார்கள். அதற்கு முன்னால் எகிப்தில் கயிறும் நெம்புகோலும் மட்டும் வைத்துச் செய்த முயற்சி பாதிச் சாய்விலேயே நின்றுபோனது. ஆனால் 25 டன் வேறு, 323 டன் வேறு. மணல் ஒரு பக்கம் மட்டும் வேகமாகச் சரிந்தால் கல் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் அதைத் திருப்ப எந்தக் கயிறாலும் முடியாது.

நாணல் எழுதியது:

முறுக்கிக்கொண்டதற்குச் சாட்சி கர்னாக்கிலேயே இருக்கிறது. ஒபெலிஸ்க் பீடங்களின் மேல் ஒரு விளிம்பு ஓரமாக நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு வெட்டியிருப்பார்கள். இறங்கிவரும் தூணின் அடிவிளிம்பு முதலில் அதில் உட்கார வேண்டும். பிறகு அதையே கீல் போல வைத்துக்கொண்டு கடைசிச் சாய்வைக் கயிற்றால் இழுத்து நிமிர்த்த வேண்டும். ஹட்ஷெப்சூட்டின் தூண் அந்தக் கோட்டில் சரியாக விழவில்லை. பீடத்தில் கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது. மணல்மேடு, உங்களிடம் அடிப்பகுதிப் படம் இருக்கிறதா?

மணல்மேடு எழுதியது:

இப்போதுதான் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்வெட்டை எடுப்பதற்காக அடியை நெருக்கமாக எடுத்திருந்தேன். தூணின் ஓரமும் பீடத்தின் ஓரமும் இணையாக இல்லை. ஒரு பக்கம் பீடம் அதிகமாக வெளியே தெரிகிறது, மறுபக்கம் குறைவு. அங்கே நின்றபோது இது என் கண்ணில் படவேயில்லை.

அப்படியென்றால் தவறிப்போய் உட்கார்ந்த பிறகு அவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்களா?

சம்மட்டி எழுதியது:

வேறு வழியே இல்லை அம்மா. அடி பீடத்தில் பட்டு முழு எடையும் இறங்கிவிட்டால் ஓர் அங்குலம் நகர்த்தக் கல்லைத் தூக்க வேண்டும். நகர்த்தும்போது அடிவிளிம்பு சில்லு போனால் மொத்தத் தூணும் சாயும். எங்கள் அப்பாவாக இருந்தாலும் விட்டுவிட்டுத்தான் இறங்கி வந்திருப்பார். செங்குத்தாக நிற்கிறதா என்று மட்டும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்திருப்பார்.

தேர்வடம் எழுதியது:

ஒரு சந்தேகம். கடைசியில் கயிற்றால் இழுக்கும்போது தூண் நிமிர்ந்த பிறகும் நிற்காமல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடாதா? எதிர்ப்பக்கத்திலும் கயிறு கட்டிப் பிடித்திருப்பார்களா, இல்லை அங்கேயும் மணல் வைத்திருப்பார்களா? எங்கள் புதிய விளக்குத்தூணை வரும் தை மாதம் நிறுத்துகிறோம், அதனால்தான் கேட்கிறேன்.

கட்டுமானம் எழுதியது:

எதிர்ப்பக்கத்தில் கட்டாயம் கயிறு வேண்டும். பாரிஸில் 1836இல் லக்சரிலிருந்து கொண்டுபோன ஒபெலிஸ்கை நிமிர்த்திய லெபாவும் அந்தப் பக்கம் போய்விடாதபடி சங்கிலி போட்டுத்தான் பிடித்தார். எகிப்தியர்கள் மணல் வைத்தார்களா, கயிறு பிடித்தார்களா என்பதற்கு இதுவரை யாரும் தடம் காட்டியதில்லை.

உங்கள் தூணுக்கு நான் சொல்வது இது. கிரேனில் முனைகளில் சங்கிலி போட விடாதீர்கள். நீளத்தை ஐந்தாகப் பிரித்து, இரு முனையிலிருந்தும் ஒரு பங்கு உள்ளே தள்ளிப் பட்டை போடச் சொல்லுங்கள். அப்போது நடுவும் முனைகளும் ஏறக்குறைய சமமாக வளையும், கல்லுக்கு வரும் விசை முனைகளில் தூக்கியதில் ஐந்தில் ஒரு பங்குதான். தூக்குவதற்கு முந்தின நாள் சம்மட்டி ஐயா சொன்ன மாதிரி தண்ணீர் ஊற்றித் துடைத்து, காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.